போக மறுக்கும் தொகுதிகள்

இரண்டு பிரிபுனல்கள் தாங்கியில் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டிலும் திரவம் இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கிறது. மேலடுக்கு இரண்டிலும் ஒன்றுபோலவே நிறமில்லாமல் தெளிவாக இருக்கிறது. ஒன்றில் வேதிவினை நடந்து முடிந்துவிட்டது, இன்னொன்றில் ஒன்றுமே நடக்கவில்லை. எது எது என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் செய்முறைக் கூடத்தில், மூன்றாம் ஆண்டு மாணவிகளோடு நானும் நின்று அந்தப் புனல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டிலும் ஊற்றியது ஒரே ஆல்கஹால், மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால், 10 மில்லி. இது 25 டிகிரியிலேயே உறையும் சரக்கு. ஏசி ஓடும் கருவியறையில் இருந்த பாட்டிலுக்குள் கல்போல இறுகிக் கிடந்ததை வெந்நீரில் நிற்கவைத்து இளக்கித்தான் கொண்டுவந்தார்கள். இடப்பக்கப் புனலில் அதோடு சேர்த்தது நிறைவுற்ற உப்புக் கரைசல், சாதாரணச் சோடியம் குளோரைடு. வலப்பக்கத்தில் சேர்த்தது அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் 30 மில்லி. பிறகு கால் மணி நேரம் குலுக்கல். நடுநடுவே புனலைத் தலைகீழாக்கிக் குழாயைத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும்.

இரண்டிலும் குளோரைடு அயனி தாராளமாக இருக்கிறது. ஆல்கஹாலின் கார்பனிலிருந்து ஹைட்ராக்சைடைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் குளோரைடு உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் கிடைப்பது மூவிணைய பியூட்டைல் குளோரைடு. அது தண்ணீரில் கரையாது, தண்ணீரைவிட லேசானது, ஆகவே மேலே மிதக்கும்.

"ரெண்டுலயும் மேல லேயர் வந்திருக்கே மேம், அப்ப ரெண்டுலயும் ரியாக்‌ஷன் ஆயிடுச்சா?" என்று ஒரு மாணவி கேட்டார்.

பேராசிரியை பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு மேலடுக்கிலிருந்தும் ஒரு மில்லியைச் சோதனைக்குழாயில் எடுத்து, மேலே நாலைந்து மில்லி தண்ணீர் ஊற்றச் சொன்னார். உப்புக் கரைசல் புனலிலிருந்து வந்தது தண்ணீரோடு கலந்து காணாமல் போயிற்று. அமிலப் புனலிலிருந்து வந்தது எண்ணெய்போலத் தனியே மேலே வந்து நின்றது. முதலாவது, வெறும் ஆல்கஹால். தண்ணீரில் எவ்வளவு வேண்டுமானாலும் கரையும் அந்த ஆல்கஹாலை, நிறைவுற்ற உப்பு தண்ணீரிலிருந்து வெளியே தள்ளிவிடும். அடுக்கு வந்தது அதனால்தான். இந்தச் சோதனையைச் செய்யாமல் நோட்டில் 'வினை நடந்தது' என்று எழுதும் மாணவிகள் வருஷத்துக்கு வருஷம் உண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வரலாம். அடர் அமிலத்தில் குளோரைடு லிட்டருக்கு ஏறக்குறைய 12 மோல், உப்புக் கரைசலில் அதில் பாதி. ஒரு புனலில் கால் மணியில் வினை முடிவதற்கும் மற்றதில் அசைவே இல்லாமல் இருப்பதற்கும் இந்த இரண்டு மடங்கு காரணமாக இருக்க முடியாது. உண்மையான வித்தியாசம் குளோரைடில் இல்லை, அமிலம் கொண்டுவந்த புரோட்டானில் இருக்கிறது. அந்தப் புரோட்டான் போய் ஒட்டுவது ஆல்கஹாலின் ஆக்சிஜனில். ஒட்டியதும், கார்பனை விட்டுப் போக வேண்டியது ஹைட்ராக்சைடு என்பது மாறி, தண்ணீர் என்று ஆகிவிடுகிறது. தண்ணீர் மூலக்கூறு எளிதாகக் கழன்றுகொள்ளும். மிஞ்சும் நேர்மின் கார்பனைக் குளோரைடு பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் ஏன் போகிறது, ஹைட்ராக்சைடு ஏன் போகாது? இதற்கான அட்டவணை கரும்பலகையில் இருந்தது. அதைப் படிக்க ஒரே கேள்வி போதும்: கழன்று போன தொகுதி ஒரு புரோட்டானை எடுத்துக்கொண்டால் என்ன அமிலம் ஆகும், அந்த அமிலம் எவ்வளவு வலிமையானது? அந்த அமிலத்துக்குப் பெயர் இணை அமிலம். வலிமையான அமிலம் என்றால் புரோட்டானைச் சுலபமாக விட்டுவிடுகிறது என்று அர்த்தம். அதாவது அதன் எதிர்மின் பகுதி, எலக்ட்ரான் இணையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கத் தெரிந்தது. கார்பனை விட்டு எலக்ட்ரான் இணையோடு வெளியேறும்போதும் அந்தத் தொகுதி செய்ய வேண்டியது கிட்டத்தட்ட அதே வேலைதான். ஆகவே இணை அமிலம் வலிமையாக இருந்தால் வெளியேறும் தொகுதி நல்லது.

அமில வலிமையைக் காட்டும் எண் pKa. எண் சிறியதாக இருந்தால் அமிலம் வலிமையானது. ஒரு எண் குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடும். பலகையில் மேலிருந்து கீழாக இப்படி எழுதியிருந்தது: அயோடைடு (இணை அமிலத்தின் pKa −10), புரோமைடு (−9), குளோரைடு (−7), டோசிலேட் (−2.8), தண்ணீர் (−1.7), பிறகு ஃபுளூரைடு (3.2), எல்லாவற்றுக்கும் கீழே ஹைட்ராக்சைடு (15.7). மேலே உள்ள மைனஸ் எண்களைத் தண்ணீரில் நேராக அளக்க முடியாது, வேறு வழியில் மதிப்பிட்டவை. ஆகவே புத்தகத்துக்குப் புத்தகம் ஒன்றிரண்டு மாறும். தண்ணீரின் pKa 14-ஆ 15.7-ஆ என்றும் ஆசிரியர்களுக்குள் ஒரு பழைய சண்டை உண்டு. எதை எடுத்தாலும் இந்த வரிசை மாறாது.

நம் புனல்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஹைட்ராக்சைடு வெளியேறினால் அதன் இணை அமிலம் தண்ணீர், 15.7. தண்ணீர் வெளியேறினால் அதன் இணை அமிலம் ஹைட்ரோனியம், −1.7. ஒரே ஒரு புரோட்டான் ஒட்டியதில் 17 எண்களுக்கு மேல் தாவிவிட்டோம். அதாவது பத்தின் பதினேழாம் அடுக்கு. இடப்பக்கப் புனலை இன்னும் ஒரு மணி நேரம் குலுக்கினாலும், ஒரு நாள் முழுக்கக் குலுக்கினாலும் பயனில்லை என்பதற்கு இந்த எண்ணே போதும்.

ஹைட்ராக்சைடின் சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், அதன் எதிர்மின் சுமை முழுவதும் ஒரே ஒரு சின்ன ஆக்சிஜன்மேல் குவிந்து கிடக்கிறது. பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் வேறு ஆக்சிஜன் இல்லை. அயோடைடுபோலப் பரந்த உடம்பும் இல்லை. அப்படிப்பட்ட அயனி புரோட்டான் கிடைத்தாலும் பிடிக்கும், கார்பன் கிடைத்தாலும் பிடிக்கும். இங்கிருந்து போவதைவிட வெளியிலிருந்து வந்து தாக்குவதற்கே அது லாயக்கு. மீத்தைல் அயோடைடில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் அயோடைடு வெளியே போகிறது, ஹைட்ராக்சைடு உள்ளே வருகிறது. திருப்பிச் செய், மெத்தனாலில் சோடியம் அயோடைடைச் சேர் என்றால் ஒன்றும் நடக்காது.

"அமிலம் போட்டா வேலை நடக்குதுன்னா, எல்லாத்துக்கும் அமிலம் போட்டுடலாமே மேம்?" என்றார் இன்னொரு மாணவி.

நல்ல கேள்வி, பேராசிரியையும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார் போல. அமிலத்துக்குள் உயிரோடு இருக்கும் கருக்கவர் பொருளுக்குத்தான் இந்த வழி. குளோரைடும் புரோமைடும் அயோடைடும் அடர் அமிலத்திலும் அயனியாகவே நிற்கும். ஏனென்றால் அவை புரோட்டானை விரும்பாதவை. ஆனால் அமீன் ஒன்றைக் கார்பனில் சேர்க்க நினைத்து அமிலத்தில் போட்டால், ஆல்கஹாலுக்கு முன்னால் அமீனே புரோட்டானை விழுங்கிவிட்டு அமோனியம் உப்பாகிவிடும். தாக்குவதற்கு அதனிடம் எலக்ட்ரான் இணையே மிஞ்சாது. சயனைடைப் போட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், அதை யாரும் செய்து பார்க்கக் கூடாது. சரி, அமிலத்தை விட்டுவிட்டு வலுவான காரத்தை நேராக ஆல்கஹாலில் சேர்க்கலாமா? அது கார்பனைத் தொடவே தொடாது. ஆக்சிஜனில் இருக்கும் ஹைட்ரஜனைப் பிடுங்கி ஆல்காக்சைடு ஆக்கிவிடும். அதன்பின் கார்பனை விட்டுப் போக வேண்டியது இரண்டு எதிர்மின் சுமை கொண்ட ஆக்சைடு. நிலைமை முன்னைவிட மோசம்.

அமிலப் புனலைச் சுத்தம் செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். மேலடுக்கில் ஒட்டியிருக்கும் அமிலத்தைப் போக்க சோடியம் பைகார்பனேட் கரைசலால் கழுவினார்கள். கார்பன் டைஆக்சைடு குபுகுபுவென்று வரும். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசட்டையாகக் குலுக்கினால் மூடி தெறித்துவிடும். அதைவிட முக்கியம், இந்தக் கழுவலை நீட்டக் கூடாது. குளோரைடு நல்ல வெளியேறும் தொகுதி அல்லவா, மூவிணையக் கார்பனிலிருந்து தண்ணீருக்குள் அது தானாகவே போய்விடும். அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்து, கஷ்டப்பட்டுச் செய்த பொருள் மறுபடி ஆல்கஹாலாகும். கழுவி, கால்சியம் குளோரைடு போட்டு உலர்த்தி, காய்ச்சி வடித்தபோது 51 டிகிரியை ஒட்டி இறங்கியது சுத்தமான பியூட்டைல் குளோரைடு.

அடுத்த மேசை ஃபுளூரைடுக்கு. இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஏனென்றால் அட்டவணையைப் பார்த்தால் ஃபுளூரைடு அவ்வளவு மோசமில்லை. 3.2 என்ற எண் ஹைட்ராக்சைடைவிட மிகவும் மேலே. ஆனாலும் பாடப்புத்தகங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் 'போகாதவை' என்று தள்ளிவிடுகின்றன.

முதலில் மாணவிகளே தேர்ந்தெடுத்த சோதனை சில்வர் நைட்ரேட். ஆல்கஹாலில் கரைத்த சில்வர் நைட்ரேட்டில் ஆல்கைல் ஹாலைடைச் சொட்டு விட்டால், கழன்று வரும் ஹாலைடு வெள்ளியோடு சேர்ந்து வீழ்படிவாகும். புரோமைடில் மங்கலான மஞ்சளாக வந்தது. ஃபுளூரோபென்டேனில் எதுவும் வரவில்லை. 'ஃபுளூரைடு போகவில்லை' என்று ஒரு மாணவி எழுத ஆரம்பித்தபோது பேராசிரியை தடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா. கொஞ்சம் சோடியம் ஃபுளூரைடைத் தண்ணியில கரைச்சு, அதுல சில்வர் நைட்ரேட் விட்டுப் பாரு."

அதில் ஃபுளூரைடு அயனி ஏற்கனவே தனியாக, சுதந்திரமாக இருக்கிறது. அப்படியும் வீழ்படிவு இல்லை! சில்வர் குளோரைடும் புரோமைடும் அயோடைடும் கரையாதவை. சில்வர் ஃபுளூரைடு மட்டும் தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆகவே ஃபுளூரைடு கழன்று வந்திருந்தாலும் இந்தச் சோதனைக்குத் தெரிந்திருக்காது. விடை சரியாக இருக்கலாம், ஆனால் இந்தச் சோதனை அதற்குச் சாட்சி சொல்லாது.

சாட்சி சொல்லக்கூடியது சோடியம் அயோடைடு, அசிட்டோனில் 15 சதவீதக் கரைசல். சோடியம் அயோடைடு அசிட்டோனில் நன்றாகக் கரையும். குளோரைடும் புரோமைடும் கரையாது, ஃபுளூரைடும் கரையாது. அயோடைடு கார்பனைத் தாக்கி எந்த ஹாலைடை வெளியே தள்ளினாலும் அது சோடியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிய வேண்டும். ஃபுளூரைடு விஷயத்தில் இதையும் சும்மா நம்பாமல், ஒரு சிட்டிகை சோடியம் ஃபுளூரைடை அசிட்டோனில் போட்டு ஆட்டிப் பார்த்தார்கள். தூள் அப்படியே அடியில் கிடந்தது.

மூன்று சோதனைக்குழாய்களில் ஆளுக்கு இரண்டு சொட்டு: 1-புரோமோபியூட்டேன், 1-குளோரோபியூட்டேன், 1-ஃபுளூரோபென்டேன். ஃபுளூரோவில் மட்டும் ஏன் ஒரு கார்பன் கூடுதல் என்று கேட்டேன். நான்கு கார்பன் உள்ளது 32 டிகிரியிலேயே கொதித்துவிடும், திருச்சி வெயிலில் பாட்டிலைத் திறந்தாலே போய்விடும் என்றார் பேராசிரியை. மூன்றுமே முதலிணையக் கார்பன் என்பதால் ஒப்பீட்டுக்குப் பாதகமில்லை.

புரோமைடுக் குழாய் மூன்று நிமிஷத்துக்குள் பால்போல வெளுத்தது. குளோரைடுக் குழாய் அறைவெப்பத்தில் அசையவில்லை. 50 டிகிரி வெந்நீரில் வைத்ததும் சில நிமிஷங்களில் மெல்லக் கலங்கியது. ஃபுளூரைடுக் குழாய் அதே வெந்நீரில், அதே நேரம் கடந்தும் தெளிவாகவே நின்றது.

இந்த வெந்நீரில் ஒரு பொறி இருக்கிறது. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். வெப்பம் கொஞ்சம் ஏறினால் அசிட்டோன் ஆவியாகி, கரைந்திருந்த சோடியம் அயோடைடே படிய ஆரம்பிக்கும். ஒரு குழுவின் ஃபுளூரைடுக் குழாயில் அப்படித்தான் வெள்ளை வந்தது, அவர்கள் முகத்தில் கண்டுபிடிப்பாளர்களின் களை. புது அசிட்டோனை ஒரு மில்லி ஊற்றியதும் வெள்ளை கரைந்துவிட்டது. சோடியம் ஃபுளூரைடாக இருந்தால் கரைந்திருக்காது. எதிர்ப்பக்கத்திலும் தவறு வரலாம். அசிட்டோனில் ஈரம் இருந்தால் சோடியம் புரோமைடு படியாமல் கரைந்தே நிற்கும், நடந்த வினையும் நடக்காததுபோலத் தெரியும்.

ஃபுளூரைடு ஏன் போகவில்லை? இங்கேயும் ஹைட்ராக்சைடுக்குச் சொன்ன காரணம்தான் முதலில் வருகிறது. சின்ன அயனி, குவிந்த சுமை. அதோடு பிணைப்பும் சேர்ந்துகொள்கிறது. மீத்தைல் ஃபுளூரைடில் கார்பனையும் ஃபுளூரினையும் பிரிக்க மோலுக்கு ஏறக்குறைய 460 கிலோஜூல் வேண்டும். மீத்தைல் குளோரைடில் 350, அயோடைடில் 240-ஐ ஒட்டி. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தன் சகோதர அமிலங்களைப்போல் இல்லாமல் வலிமை குறைந்து நிற்பதற்கும் ஹைட்ரஜன்-ஃபுளூரின் பிணைப்பின் இறுக்கம் பெரிய காரணம். புரோட்டானை விடாத அதே குணம்தான் கார்பனையும் விடாத குணம். அதனால்தான் அட்டவணை இங்கே வேலை செய்கிறது.

ஆனால் எவ்வளவு தூரம்? பாடப்புத்தகங்களில் வழங்கும் தோராயமான வேக ஒப்பீடு ஒன்று உண்டு. நேரடித் தாக்குதலில் ஃபுளூரைடு வெளியேறும் வேகத்தை 1 என்று வைத்தால் குளோரைடு 200, புரோமைடு 10,000, அயோடைடு 30,000, டோசிலேட் 60,000. ஃபுளூரைடுக்கும் குளோரைடுக்கும் pKa வித்தியாசம் பத்து எண், அதாவது ஆயிரம் கோடி மடங்கு. வேக வித்தியாசம் வெறும் 200 மடங்கு. pKa வரிசையைச் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. அமிலச் சமநிலை என்பது புரோட்டான் முழுதாகப் பிரிந்தபின் உள்ள கணக்கு. தாக்குதலின் உச்சியிலோ பழைய பிணைப்பு பாதிதான் அறுந்திருக்கும், சுமை பாதிதான் ஏறியிருக்கும்.

டோசிலேட்டின் இடத்தையும் பாருங்கள். அட்டவணைப்படி அது குளோரைடுக்குக் கீழே, வேகப்படி அயோடைடுக்கும் மேலே. வரிசையே இங்கு உடைகிறது. காரணம் ஒப்பீடு நேர்மையாக இல்லை: ஹாலைடில் அறுவது கார்பன்-ஹாலஜன் பிணைப்பு, டோசிலேட்டில் அறுவது கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பு. ஒரே அணுவழியாக வெளியேறுபவற்றைத் தமக்குள் ஒப்பிட்டால் அட்டவணை நன்றாகவே நிற்கிறது. ஹைட்ராக்சைடு, தண்ணீர், டோசிலேட் மூன்றும் ஆக்சிஜன்வழி வெளியேறுபவை. 15.7, −1.7, −2.8 என்ற வரிசையும் அவை வெளியேறும் வரிசையும் ஒன்றே. டோசிலேட்டில் சுமை கந்தகத்தைச் சுற்றியுள்ள மூன்று ஆக்சிஜன்களுக்கும் உடனிசைவால் பரவிவிடுகிறது. அமிலத்தில் நிற்காத அமீன்களுக்கு வழி இதுதான். ஆல்கஹாலை முதலில் பிரிடினில் டோசில் குளோரைடோடு சேர்த்து டோசிலேட்டாக்கிவிட்டால், அமிலமே இல்லாமல் அமீன் அதைத் தள்ளிவிட்டு உட்காரும்.

கிளம்பும் நேரத்தில் பேராசிரியை அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துக் காட்டினார்: 2,4-டைநைட்ரோஃபுளூரோபென்சீன். ஃபிரெடெரிக் சேங்கர் 1945-இல் இன்சுலின் சங்கிலிகளின் முனையில் இருக்கும் அமினோ அமிலத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்திய சரக்கு. புரதத்தின் அமீன் முனை இந்த வளையத்தைத் தாக்கி ஃபுளூரைடை வெளியே அனுப்புகிறது, அதுவும் குளோரைடைவிட வேகமாக. இதே குடும்பத்தில் பாரா-நைட்ரோஃபுளூரோபென்சீனை மெத்தனாலில் சோடியம் மெத்தாக்சைடோடு 50 டிகிரியில் வைத்தால், குளோரோ சேர்மத்தைப்போல 312 மடங்கு வேகத்தில் வினைபுரியும். அயோடோ எல்லோரிலும் மெதுவானது. நாம் பார்த்த வரிசை அப்படியே தலைகீழ்.

"அப்ப போர்டுல இருக்கிற டேபிள் தப்பா மேம்?"

தப்பில்லை, இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை என்று அவர் விளக்கினார். வளையத்தில் தாக்குதலும் வெளியேற்றமும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. முதலில் அமீன் வந்து கார்பனில் ஒட்டுகிறது, அப்போது ஃபுளூரின் அங்கேயே இருக்கிறது. மெதுவான படி அதுதான். எலக்ட்ரானைத் தன்பக்கம் பலமாக இழுக்கும் ஃபுளூரின் அந்தக் கார்பனை நேர்மின் பக்கம் சாய்த்து வைத்திருப்பதால் அமீனுக்கு இறங்க வசதி. ஃபுளூரைடு கழல்வது அதற்கு அடுத்த படி. அப்போது வளையம் தன் அரோமேட்டிக் நிலைக்குத் திரும்பத் துடிப்பதால், இறுக்கமான பிணைப்பும் சீக்கிரம் அறுந்துவிடுகிறது. வேகத்தைத் தீர்மானிக்கும் படியில் யாரும் வெளியேறாதபோது வெளியேறும் தகுதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த வாரச் செய்முறை அந்தப் பாட்டிலோடு, கிளைசின் கரைசலில். கையுறை இல்லாமல் யாரும் மேசைக்கு வரக் கூடாது என்று அவர் இரண்டு தரம் சொன்னார். தோலில் இருக்கும் புரதமும் புரதம்தான். சொட்டு பட்டால் அங்கிருக்கும் அமீன்களும் அதே ஃபுளூரைடைத் தள்ளிவிட்டு வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பட்டவர்களுக்கு அடுத்தமுறை துளி பட்டாலும் ஒவ்வாமைத் தடிப்பு வரலாம்.